பாடசாலை அறிவித்தல்களை ஒரு தவணைக்கு முன்னமே எழுதி நேரம் வச்சுப் போடுறது: அடிக்கடி கேக்குற கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகள்ல லீவு, கட்டணம், பரீட்சை நேரசூசி அறிவித்தல்களைப் பாத்துக்கொள்ற ஆசிரியர்கள் கேக்குறதுதான் இதுல கூட இருக்கு, பெற்றோர் கேக்குற ரெண்டு மூண்டும் இருக்கு. எங்கட பாடசாலையில இந்த வேலை என்னட்டத்தான் இருக்கு. பதிவெல்லாம் முதல்ல பாடசாலை இணையத்தளத்துல வரும் (வேர்ட்பிரஸ்), அங்கிருந்து லிங்கை எடுத்து வகுப்பு வட்ஸ்அப் குழுக்களுக்குப் போடுவம்.

சேர், தவணை தொடங்கமுன்னமே எல்லா நோட்டீஸையும் எழுதி வச்சிடலாமா? பிறகு மாறினா என்ன செய்றது?

எல்லாத்தையும் எழுதலாம், ஆனா எல்லாத்துக்கும் நேரம் வைக்கக்கூடாது. நான் தவணைக்கு முன்னம் உக்காரக்குள்ள பதிவுகளை மூண்டு கட்டாப் பிரிச்சிடுவன்.

முதல் கட்டு, திகதி மாறாததுகள். வர்த்தமானியில வந்த அரச விடுமுறைகள், மாதாமாதம் வாற போயா, மே 1, டிசம்பர் 25, இந்த மாதிரி. இதுகளுக்கு ஒரு தவணைக்கு முன்னமே நேரம் வச்சு விட்டுடலாம், பயமில்ல.

ரெண்டாவது கட்டு, திகதி வந்திருக்கு ஆனா மாறக்கூடியது. தவணை முடியுற நாள், தவணைப் பரீட்சை நேரசூசி, பெற்றோர் கூட்டம், கட்டணத்துக்குரிய கடைசி நாள். இதுகளையும் எழுதி நேரம் வைக்கிறதுதான், ஆனா ஒவ்வொண்டும் வெளிய போறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னம் ஒருத்தர் திறந்து பாத்தே ஆகணும், அது யார் எண்டதையும் தவணை தொடங்கக்குள்ளயே எழுதிடணும்.

மூண்டாவது கட்டுதான் ஆக்களை மாட்டி விடுறது. திகதியே இன்னும் வராதது. தீபாவளி திங்கட்கிழமை வந்தா மறுநாள் செவ்வாய் விசேட விடுமுறை தருவாங்களா, தந்தா அதுக்குப் பதில் பாடசாலை எந்தச் சனிக்கிழமை எண்டது பலநேரம் அந்தக் கிழமைதான் தெரியவரும். நோன்புப் பெருநாள் பிறையோட போறது, கொழும்பு பெரிய பள்ளிவாசல்ல கூடி முதல்நாள் இரவுதான் அறிவிப்பாங்க. மழை, வெள்ளத்தால பூட்டுறது அண்டு காலையில வரும். இதுகளை எழுதி வைக்கலாம், ஆனா திகதி இருக்கிற இடத்தை வெறுமனே விட்டு வரைவாத்தான் வச்சிருக்கணும், நேரம் வைக்கவே கூடாது. "அநேகமா செவ்வாய் லீவு" எண்டு எழுதி நேரம் வச்சிட்டு மறந்தீங்களெண்டா, பதிவு வெளிய போற நேரம் அம்மாமார் அந்த "அநேகமா"வ வாசிக்க மாட்டாங்க, "செவ்வாய் லீவு" எண்டதுதான் அவங்கட கண்ணுல படும்.

ரெண்டு மாசத்துக்கு முன்னம் எழுதுற பதிவை எப்பிடி எழுதுறது? நான் எழுதுறது வெளிய வரக்குள்ள ஒரு மாதிரி இருக்கு

ஒரு மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் அதுல "நாளை", "வாற கிழமை", "இன்னும் ரெண்டு நாளில" எண்டு இருக்கும். நீங்க எழுதுற நாளும் பதிவு வெளிய போற நாளும் பெற்றோர் வாசிக்கிற நாளும் மூண்டும் வேற வேற. வட்ஸ்அப்புல ஒரு பதிவு நாலு நாள் கழிச்சும் இன்னொரு குழுவுல சுத்தும், அப்ப "நாளை" எண்டது எந்த நாளை? அதனால கிழமை, திகதி, மாதம் மூண்டையும் சேத்து எழுதுங்க, "நவம்பர் 18, புதன்கிழமை" எண்டு. கிழமையையும் எழுதினா இன்னொரு லாபம் இருக்கு, திகதியில பிழை விட்டா கிழமையோட பொருந்தாம நிக்கும், திறந்து பாக்கிற ஆள் உடனே பிடிச்சிடுவார்.

அடுத்தது, பதிவுக்குக் கீழ எந்தச் சுற்றுநிருபத்தை வச்சு இதை எழுதினம், எந்தத் திகதியில எழுதினம் எண்டு ஒரு வரி போடுங்க. "வலயத்திலிருந்து அக்டோபர் 12 வந்த நேரசூசியின்படி" எண்டு இருந்தா, பிறகு வலயம் வேற ஒண்டு அனுப்பினா எது புதுசு எண்டு பெற்றோருக்கே தெரியும்.

லெட்டர்ஹெட்டுல அதிபர் சைன் வச்ச கடிதத்தை போட்டோ எடுத்துப் போடுறது எங்கட பக்கம் பெரிய பழக்கம். அதைப் போடுங்க, வேணாமெண்டு சொல்லல்ல, பெற்றோர் அந்த சீலைப் பாத்துத்தான் நம்புவாங்க. ஆனா திகதி அந்தப் படத்துக்குள்ள மட்டும் இருக்கக்கூடாது. படத்துக்குள்ள இருக்கிற திகதியை மாத்தேலாது, தேடினாலும் கிடைக்காது, பழைய போன்ல படம் டவுன்லோட் ஆகாட்டி ஒண்டுமே தெரியாது. படத்துக்கு மேல எழுத்துல அதே விஷயம் ரெண்டு வரியில இருக்கணும்.

நேரசூசியை போட்ட பிறகு வலயத்தால மாத்திட்டாங்க, நாங்க புதுசையும் போட்டோம், ஆனாலும் பாதிப் பிள்ளைகள் பழைய நாளுக்குத்தான் வந்தது. எங்க பிழைச்சது?

இதுதான் இந்த வேலையில ஆக முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றன்.

ஒரு திகதி ஒரு பதிவுல மட்டும் இருக்கிறதில்ல. மூண்டாந் தவணைப் பரீட்சை நவம்பர் 16 திங்கள் தொடங்குது எண்டு வையுங்க (திகதிகள் உதாரணத்துக்குத்தான்). நீங்க தவணைத் தொடக்கத்துல நாலு பதிவு எழுதி நேரம் வச்சிருப்பீங்க. அக்டோபர் 26 நேரசூசி வெளிய போகுது. நவம்பர் 14 சனிக்கிழமை பின்னேரம் "திங்கள் பரீட்சை தொடங்குது, பேனை, கணிதக் கருவிப்பெட்டி கொண்டு வாங்க" எண்டு நினைவூட்டல். பரீட்சை முடியுற கிழமையில வீட்டுக்கு விடுற நேரம் பற்றி ஒண்டு. அதுக்குப் பிறகு தவணை லீவு தொடங்குற பதிவு. நாலும் நவம்பர் 16 எண்ட ஒரே திகதியில தொங்கிக்கொண்டு நிக்குது.

நவம்பர் 5 வலயத்துல இருந்து கடிதம் வருது, பரீட்சை 18 புதன் தொடங்கும் எண்டு. உடனே எல்லாரும் செய்றது என்னெண்டா, திருத்தின நேரசூசியை புதுப் பதிவாப் போட்டுட்டு அப்பாடா எண்டு இருக்கிறது. ஆனா வரிசையில காத்துக்கொண்டிருக்கிற 14ஆம் திகதிப் பதிவை ஒருத்தரும் தொடல்ல. அது சனிக்கிழமை பின்னேரம் தன்ட பாட்டுல வெளிய போய் "திங்கள் பரீட்சை" எண்டு சொல்லும். பெற்றோர் கண்ணுக்கு எது புதுசு? கடைசியா வந்ததுதான் புதுசு. ஒன்பது நாளைக்கு முன்னம் வந்த திருத்தத்தை விட நேத்து வந்ததைத்தான் நம்புவாங்க. அவங்களில பிழை இல்ல. உங்களுக்கு நடந்ததும் அநேகமா இதுதான், போய் அந்தச் சனிக்கிழமைப் பதிவைத் தேடிப் பாருங்க.

இதுக்கு நாங்க செய்றது ஒரு சின்ன அட்டவணை, கூகுள் ஷீட்டுல. ஒவ்வொரு வரியும் ஒரு திகதி, பதிவு இல்ல. "பரீட்சை தொடக்கம்: நவ 16" எண்டது ஒரு வரி, அதுக்குப் பக்கத்துல அதுல தங்கியிருக்கிற எல்லாப் பதிவின்ட தலைப்பும் வெளிய போற நாளும். வலயத்தால மாத்தம் வந்தா அந்த வரியைத் திறந்து, பக்கத்துல இருக்கிற ஒவ்வொண்டையும் போய் மாத்தி, மாத்தினதும் டிக் போடுறது. முதல்ல மாத்தவேண்டியது ஆகக் கிட்டத்துல வெளிய போகவேண்டியதை.

ஏற்கனவே வெளிய போன பழைய நேரசூசியை அழிக்காதீங்க. அழிச்சா வட்ஸ்அப்புல இருக்கிற லிங்கைத் தட்டுற ஆளுக்கு வெறும் பக்கம்தான் வரும், அவர் கையில இருக்கிற ஸ்கிரீன்ஷொட்டை நம்பிக்கொண்டு இருப்பார். அதே பதிவைத் திறந்து தலைப்புல "திருத்தப்பட்டது நவ 5" எண்டு போட்டு, முதல் வரியிலேயே "16 திங்கள் அல்ல, 18 புதன்" எண்டு பழையதையும் புதுசையும் சேத்து எழுதுங்க. பழைய திகதியைச் சொல்லித்தான் மாத்தணும், புதுசை மட்டும் சொன்னா மற்றதும் இருக்காக்கும் எண்டு ரெண்டு நாளுக்கும் பிள்ளையை அனுப்புவாங்க.

காலையில 6 மணிக்கு வச்ச பதிவு 11.30க்குத்தான் வருது, ஏன்?

சரியா அஞ்சரை மணித்தியாலம் பிந்துதெண்டா தளத்துல நேர வலயம் UTC-யில கிடக்கு, இலங்கை நேரம் அதுக்கு 5.30 முன்னுக்கு. Settings → General → Timezone போய் Colombo தெரிவு செய்து சேமியுங்க. ஆனா அதோட முடியல்ல, ஏற்கனவே வரிசையில இருக்கிற பதிவுகள் பழைய கணக்குலதான் போகும், ஒவ்வொண்டையும் திறந்து நேரத்தைத் திரும்ப வச்சு அப்டேட் பண்ணுங்க. சலிப்பான வேலைதான், ஒருக்கா செய்தாப் போதும்.

சில பதிவு வரவே இல்ல, உள்ள போய்ப் பாத்தா "Missed schedule" எண்டு சிவப்புல கிடக்கு

வேர்ட்பிரஸுக்கு எண்டு தனியா ஒரு மணிக்கூடு ஓடுறதில்ல. யாராவது தளத்தைத் திறக்கக்குள்ளதான் "நேரம் வந்த பதிவு ஏதும் இருக்கா" எண்டு பாக்கும். தவணை லீவுல பாடசாலைத் தளத்துக்கு விடியக்காத்தால 6 மணிக்கு யார் வரப்போறாங்க? அதனால பதிவு பிந்துது, சிலநேரம் தவறியே போகுது. லீவு முடிஞ்சு பாடசாலை தொடங்குற பதிவுகள்தான் இதுல கூட மாட்டுறது, அதை நான் கவனிச்சிருக்கன்.

தளத்தைப் பாத்துக்கொள்ற ஆளிட்டச் சொல்லி சேர்வர்ல உண்மையான கிரொன் வேலை ஒண்டு வைக்கச் சொல்லுங்க. wp-config.php கோப்புல இது:

```
define( 'DISABLE_WP_CRON', true );
```

பிறகு ஹோஸ்டிங் பனல்ல Cron Jobs பகுதியில இது, முகவரிக்கு உங்கட தளத்தின்ட பேரைப் போட்டு:

```
*/10 * * * * wget -q -O /dev/null "https://school.example/wp-cron.php?doing_wp_cron"
```

பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தளத்தைத் தட்டி எழுப்பும், அவ்வளவுதான். ரெண்டையும் சேத்துச் செய்யணும், முதலாவதை மட்டும் போட்டு ரெண்டாவதை விட்டா ஒரு பதிவும் தானா வெளிய போகாது.

பேஸ்புக் பேஜ்லயே நேரம் வைக்கலாமே, ஏன் இந்தப் பாடு? வட்ஸ்அப்புல வைக்கேலாதா?

பேஸ்புக்குல வைக்கலாம், Meta Business Suite-ல. ஆனா எவ்வளவு தூரத்துக்கு முன்னம் வைக்கலாம் எண்டதுக்கு ஒரு எல்லை இருக்கு, ஒரு முழுத் தவணைக்கு அது எட்டாது. அதனால மாதத்துக்கு ஒருக்கா உக்காந்து அடுத்த மாதத்தை ஏத்தணும். டெலிகிராம்ல அனுப்புற பட்டனை அமத்திப் பிடிச்சா நேரம் வைக்கலாம், ஒரு தவணைக்கு நல்லாவே போதும், போன் ஓஃப்ல இருந்தாலும் போகும். ஆனா எங்கட பக்கம் எத்தனை பெற்றோரிட்ட டெலிகிராம் இருக்கு? எல்லாரும் வட்ஸ்அப்புலதான், குழுவுக்கு நேரம் வச்சு அனுப்புற வேலையை நாங்க அதுல கையாலதான் செய்றம். எங்கட பாடசாலையில பதிவு வெளிய வந்ததும் வகுப்பாசிரியர் லிங்கைப் போடுவா. இதுக்கெண்டு வெளியால கிடைக்கிற ஆப்புகளைப் பாடசாலை நம்பர்ல போடாதீங்க, அதுகளுக்கு வட்ஸ்அப்பைத் திறந்து விடவேண்டி வரும், அதுக்குள்ள அத்தனை பெற்றோரின்ட நம்பரும் இருக்கு.

காசு கட்டுற நோட்டீஸை எப்ப போடுறது நல்லம்?

உங்கட பெற்றோர் கையில காசு எப்ப வருதெண்டு பாருங்க. அரச உத்தியோகத்தர் கூட இருக்கிற டவுன் பாடசாலையெண்டா சம்பளம் 25ஆம் திகதிப் பக்கம், அதனால கடைசி நாளை மாத முடிவுல வச்சு, பதிவை 20 அளவுல போட்டா சரி. வயல் செய்ற ஊர்கள்ல, படுவான்கரைப் பக்கமோ சம்மாந்துறைப் பக்கமோ, பெரும்போகம் வெட்டி முடியமுன்னம் ஜனவரியில வசதிக் கட்டணம் கேட்டா எங்க இருந்து தருவாங்க? அப்பிடியான இடத்துல அபிவிருத்திச் சங்கத்தோட கதைச்சு ரெண்டு பகுதியாப் பிரிச்சு, ரெண்டாவது பகுதியை அறுவடைக்குப் பிறகு வைக்கலாம். அதையும் முதல் பதிவிலேயே எழுதுங்க. பிரிச்சுக் கட்டலாம் எண்டது தெரியாமத்தான் கனபேர் அதிபர் கந்தோருக்கு வரக் கூச்சப்பட்டுப் பிள்ளையையும் ரெண்டு நாள் மறிச்சு வச்சிருப்பாங்க.

பதிவுல என்னத்துக்கான காசு, எவ்வளவு, கடைசி நாள், எங்க கட்டுறது, கட்டின துண்டை யாரிட்ட குடுக்கிறது, கட்டக் கஷ்டமெண்டா யாரோட கதைக்கிறது, இவ்வளவும் வேணும். வங்கிக் கணக்கு இலக்கம் ஒரே ஒரு நிரந்தரப் பக்கத்துல இருக்கட்டும், ஒவ்வொரு பதிவிலயும் அந்தப் பக்கத்துக்கு லிங்க் குடுங்க. அம்மா சவூதியில, கட்டாருல இருந்து காசு அனுப்புற பிள்ளைகள் எத்தனை பேர் எங்கட பாடசாலைகள்ல, அவங்க வந்து நேர்ல விசாரிக்க ஏலாது, "கணக்கு மாறிட்டு, இதுக்குப் போடுங்க" எண்டு ஒரு மெசேஜ் போனா நம்பி அனுப்பிடுவாங்க. "கணக்கு இலக்கத்தை நாங்க வட்ஸ்அப்புல மாத்த மாட்டம்" எண்டு அந்தப் பக்கத்துல எழுதி வையுங்க.

நினைவூட்டலை நேரம் வச்சு அனுப்புறதுல ஒண்டு கவனம். அது கட்டின ஆளுக்கும் போகும். "ஏற்கனவே கட்டினவங்க இதைப் பொருட்படுத்த வேணாம்" எண்ட வரி இல்லாட்டி அடுத்த நாள் காலையில துண்டோட பத்துப் பேர் வாசல்ல நிப்பாங்க. கட்டாத பிள்ளைகளின்ட பேரைக் குழுவுல போடுறதை எந்தப் பாடசாலையும் செய்யக்கூடாது, அந்தப் பிள்ளை அடுத்த நாள் வகுப்புக்கு வரணும்.

மழை வெள்ளம் வந்தா வரிசையில இருக்கிற பதிவுகளை என்ன செய்றது?

முதல் வேலை, நிப்பாட்டுறது. லீவு அறிவித்தல் போடுறதுக்கும் முன்னம்.

நவம்பர், டிசம்பர்ல எங்கட மாவட்டங்கள் எப்பிடி இருக்குமெண்டு சொல்லத் தேவையில்ல. 2024 நவம்பர் கடைசியில உயர்தரப் பரீட்சையையே இடையில நிப்பாட்டி டிசம்பர் 4தான் திரும்பத் தொடங்கினாங்க, 2025ல டித்வா புயலோட மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போச்சு. தேசியப் பரீட்சையே தள்ளுதெண்டா எங்கட தவணைப் பரீட்சை எம்மாத்திரம். ஊர் தண்ணிக்குள்ள கிடக்க, சனம் இடைத்தங்கல் முகாம்ல இருக்க, "நாளை பரீட்சை, நேரத்துக்கு வரவும்" எண்டு பாடசாலைப் பேர்ல ஒரு பதிவு தானா வெளிய போறதை நினைச்சுப் பாருங்க. அதை நம்பி ஒரு பிள்ளை தண்ணிக்குள்ளால வெளிக்கிட்டா?

அதனால நவம்பர் 1ல இருந்து தவணை முடியுற வரைக்கும் உள்ள பதிவுகளுக்கு ஒரே ஒரு லேபிள் போட்டு வையுங்க, நாங்க "மாரி" எண்டு ஒரு வகை வச்சிருக்கம். பூட்டுற தகவல் வந்தா Posts பக்கத்துல Scheduled எண்டதை மட்டும் எடுத்து, அந்த வகையைத் தெரிவு செய்து, எல்லாத்தையும் டிக் போட்டு, Bulk actions → Edit → Apply → Status: Draft → Update. ஒரு நிமிஷ வேலை, போன்லயே செய்யலாம். திரும்பத் தொடங்கினதும் ஒவ்வொண்டாத் திறந்து திகதி பாத்துத்தான் நேரம் வைக்கிறது, மொத்தமாத் திரும்ப விடக்கூடாது.

பாஸ்வேர்ட் ஒரு ஆளிட்ட மட்டும் இருந்தா இந்த ஏற்பாடு எல்லாம் வீண். அந்த ஆள் இருக்கிற பக்கம் கரண்டும் இல்ல, சிக்னலும் இல்ல எண்டா என்ன செய்றது? ரெண்டாவது ஆள் வேற ஊர்ல இருக்கிறவரா இருக்கணும், ஒருத்தர் எழுவான்கரையெண்டா மற்றவர் படுவான்கரை, தண்ணி ரெண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி மறிக்காது. ரெண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு குடுங்க, ஒரே பாஸ்வேர்டைப் பகிராதீங்க.

என்ட மூத்தவன் தமிழ்ப் பாடசாலை, சின்னவள் முஸ்லிம் பாடசாலை. ரெண்டு பேருக்கும் லீவு வேற வேறயா வருது, எதை நம்புறது?

ரெண்டும் சரிதான் தங்கச்சி. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தை வச்சுத் தவணைத் திகதி வேற, கல்வி அமைச்சே தனியாத்தான் அறிவிக்கும். கல்முனை, காத்தான்குடி மாதிரி ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிற இடத்துல ஒரு பாடசாலையின்ட பதிவு மற்றப் பாடசாலைப் பெற்றோரிட்டப் போய்ச் சேர்றது சகஜம். பாடசாலைப் பேர் இல்லாத லீவுப் பதிவை யாரும் நம்ப வேணாம். பதிவு எழுதுற ஆசிரியர்களுக்கும் அதேதான், தலைப்பிலேயே பாடசாலைப் பேர் இருக்கணும்.

"நாளைக்குப் பாடசாலை இல்ல" எண்டு ஒரு மெசேஜ் சுத்துது டீச்சர், உண்மையா?

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இந்தக் கேள்விதான் எல்லா வகுப்பாசிரியருக்கும் வரும். அதுல பாடசாலைத் தளத்தின்ட லிங்க் இருக்கா பாருங்க. இருந்தா தட்டிப் பாருங்க, திகதியும் கிழமையும் பொருந்துதா எண்டும் பாருங்க. லிங்க் இல்லாட்டி, எழுத்து மட்டும் வந்திருந்தா, பழைய வருஷத்து மெசேஜாவும் இருக்கலாம், மழைக்காலத்துல போன வருஷத்து மெசேஜ் ஒவ்வொரு முறையும் திரும்பி வருது. மாகாணமோ வலயமோ உண்மையா லீவு விட்டிருந்தா நாங்க தளத்துல போடாம இருக்க மாட்டம், தளத்துல இல்லாட்டி காலையில வழமை மாதிரி 7.30க்குப் பாடசாலை எண்டு எடுங்க. ஆனா உங்கட ஒழுங்கையில தண்ணி நிக்குதெண்டா எந்தப் பதிவையும் பாக்க வேணாம், பிள்ளையை வீட்டுல வச்சிட்டு வகுப்பாசிரியருக்கு ஒரு மெசேஜ் போடுங்க.